‘சம்பளம் பத்தாது’ என்று எழுதிக் கொடுத்தார்கள், கடிதத்தில் அப்படி ஒரு வரியே இல்லை

கோபிசெட்டிபாளையம் பக்கம் இருக்கிற எங்கள் சித்தப்பா மகளுக்கு 2024 செப்டம்பரில் இங்கிலாந்து விசா மறுக்கப்பட்டது. மாப்பிள்ளை அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கி வேலையில் இருக்கிறார். அவரோடு சேர்ந்து வாழ மனைவியாகப் போகும் விசா. மறுப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லி ஒரு விசா ஆலோசனை அலுவலகம் செய்த வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பேர் போட மாட்டேன். ஆனால் இதே மாதிரி போர்டு ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது.

நான் ஈரோட்டில் பத்திரம், சான்றிதழ் மொழிபெயர்க்கிறவன். என்னிடம் ஏன் முதலில் வரவில்லை என்று கேட்டால், சித்தி சொன்ன பதில்: “உங்ககிட்ட வந்தா சொந்தம் முழுக்கத் தெரிஞ்சுருமில்லீங் தம்பி.” அது நியாயம்தான். கல்யாணமாகி எட்டு மாசம், ஊரெல்லாம் ‘எப்போ போறா, எப்போ போறா’ என்று கேட்டுக்கொண்டிருந்த நேரம்.

செப்டம்பர் 28, சனிக்கிழமை, சித்தப்பா கோபி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உட்காரக்கூட இல்லை. “மாப்பிள்ளைக்குச் சம்பளம் பத்தலையாமா. தோட்டத்தை வித்து லண்டனுக்குக் கணக்குக் காட்டோணுமாமா. ஒரு ஏக்கரா போனா எவ்வளவு வரும்னு நீ சொல்லு” என்றார்.

கவரில் இரண்டு காகிதக் கட்டு. ஒன்று ஆங்கிலக் கடிதம். இன்னொன்று வட்ட முத்திரை குத்திய தமிழ் மொழிபெயர்ப்பு, அதற்கு 8,500 ரூபாய். தமிழில் இரண்டாம் பத்தி: ‘உங்கள் கணவரின் வருமானம் அரசு நிர்ணயித்த அளவைவிடக் குறைவாக உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது.’

ஆங்கிலத்தில் அது இல்லவே இல்லை. கடிதம் சொன்னது இதுதான்: உங்கள் கணவர் வருடம் 31,200 பவுண்ட் சம்பாதிப்பதாகச் சொல்கிறீர்கள், ஆறு சம்பளச் சீட்டு கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அந்த ஆறு மாசத்துக்கும் பொருந்துகிற வங்கிக் கணக்கு விவரம் கொடுக்கவில்லை, ஆகவே கேட்ட ஆவணங்களைக் கொண்டு வருமானம் நிரூபிக்கப்பட்டதாக நான் ஏற்கவில்லை.

‘வருமானம் இல்லை’ என்பதற்கும் ‘வருமானத்துக்குச் சான்று முழுசா இல்லை’ என்பதற்கும் நடுவில்தான் சித்தப்பாவின் ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு மாட்டிக்கொண்டு நின்றது.

விஷயம் இதுதான். 2024 ஏப்ரல் 11 முதல் இந்த விசாவுக்குக் குறைந்தபட்ச வருட வருமானம் 29,000 பவுண்ட். அதற்கு முன்னால் 18,600. தங்கச்சி மே 22-ல் விண்ணப்பித்ததால் புது அளவு. மாப்பிள்ளைக்கு 31,200, தாராளம். ஆனால் ஒரே முதலாளியிடம் ஆறு மாசத்துக்கு மேல் வேலை செய்கிறவர் ஆறு மாசச் சம்பளச் சீட்டும், அந்தச் சம்பளம் கணக்கில் விழுந்ததைக் காட்டும் அதே ஆறு மாசத்து வங்கி விவரமும், முதலாளியின் கடிதமும் சேர்த்துத் தர வேண்டும். சீட்டில் ஒரு தொகை இருந்தால் அது கணக்கில் வந்து விழுந்திருப்பதை அதிகாரி வரிக்கு வரி பொருத்திப் பார்ப்பார்.

மாப்பிள்ளைக்கு வாட்ஸாப்பில் கூப்பிட்டு, “சம்பளக் கணக்கு எப்பவாவது மாத்துனீங்களா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பிப்ரவரியில வேற பேங்குக்கு மாத்துனேனுங் மச்சான்” என்றார். நவம்பர், டிசம்பர், ஜனவரி சம்பளம் பழைய கணக்கில். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் புதுக் கணக்கில். ஏற்றியது புதுக் கணக்கின் விவரம் மட்டும். ஆறில் மூன்று சீட்டுக்கு ஜோடி இல்லை. பழைய கணக்கை மூடவில்லை. பத்து நிமிஷத்தில் மூன்று மாச விவரத்தையும் இறக்கி அனுப்பிவிட்டார்.

அந்த அலுவலகம் சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? வருமானம் பத்தாததால் 88,500 பவுண்ட் சேமிப்புக் காட்ட வேண்டும், நம் கணக்கில் கிட்டத்தட்ட 97 லட்சம். ‘முழுசும் இல்லாட்டிப் பரவாயில்லை, நாங்களே கொஞ்ச நாளைக்குப் போட்டுக் காட்டுறோம்’ என்று. 88,500 என்ற எண் பொய்யில்லை. வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் நம்பி விண்ணப்பிக்கிறவருக்கான கணக்கு அது. ஆனால் அந்தப் பணம் குறைந்தது ஆறு மாசம் தம்பதியின் கையில், அவர்கள் இஷ்டப்படி எடுக்கக்கூடியதாக இருந்திருக்க வேண்டும். கைமாற்று வாங்கிப் போட்டு எடுக்கிற பணம் அதற்கு ஆகாது. மாட்டினால், சான்று குறைவு என்ற சின்னக் காரணம் போய் ஏமாற்று என்ற பெரிய காரணம் வரும். அதைத் துடைப்பது லேசில் ஆகாது.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஆங்கிலக் கடிதத்தின் அடியில் ‘பக்கம் 4 / 4’ என்று இருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பு மூன்றாம் பக்கத்தோடு முத்திரை குத்தி முடிந்திருந்தது. விட்டுப்போன நாலாம் பக்கத்தில்தான் மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது என்றும், எத்தனை நாளுக்குள் என்றும் எழுதியிருந்தது.

சித்தப்பாவிடம் கேட்டேன், அப்பீல் பற்றி என்ன சொன்னார்கள் என்று. “அதெல்லாம் மூணு மாசம் இருக்குதுங்க, அதுல செயிக்க முடியாது, புதுசாப் போட்டாத்தான் ஆகும்னாங்க. அட்வான்ஸ் நாப்பதாயிரம் குடுத்துட்டேன்.”

மூணு மாசம் என்பது வேறு வழக்கின் கெடு. அப்பீலே இல்லாத முடிவுகளை எதிர்த்து அங்கே மேல் நீதிமன்றத்தில் போடுகிற ஒரு மனு இருக்கிறது, அதற்கு உள்ளது. குடும்ப விசா மறுப்புக்கு, விண்ணப்பித்தவர் இங்கிலாந்துக்கு வெளியே இருந்தால், கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 28 நாள். வேலை நாள் கணக்கு இல்லை, சனி ஞாயிறும் சேர்ந்தது. இங்கிலாந்துக்குள் இருப்பவருக்கு 14 நாள்தான், அதுவும் அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து. கடிதத்தில் செப்டம்பர் 5 என்று தேதி. தங்கச்சிக்கு மின்னஞ்சல் வந்தது 9-ம் தேதி. 9-லிருந்து எண்ணினால் அக்டோபர் 7. அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது ஒன்பது நாள். மின்னஞ்சல் வந்த நாள் தெரிகிற மாதிரி முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன்.

‘மேல்முறையீடு’ என்ற நம் சொல்லிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. நிறையப் பேர் கடிதத்தில் அப்பீல் என்றிருந்தாலும் ரிவ்யூ என்றிருந்தாலும் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு. அப்பீல் என்றால் தனியான தீர்ப்பாயத்தில் நீதிபதி விசாரிப்பது. புது ஆவணம் கொடுக்கலாம். ரிவ்யூ என்றால் அதே துறையில் வேறொரு அதிகாரி, முதல் அதிகாரி முடிவெடுத்ததில் தவறு செய்தாரா என்று மட்டும் பார்ப்பது. விட்டுப்போன காகிதத்தை அப்போது கொண்டுபோய்க் கொடுத்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். மாணவர் விசா, வேலை விசாவுக்கு இந்த ரிவ்யூதான். சுற்றுலா விசாவுக்கு இரண்டுமே கிடையாது. நான் ரிவ்யூவுக்கு ‘மறுபார்வை’ என்று எழுதுகிறேன், அப்பீலுக்கு மட்டும் ‘மேல்முறையீடு’.

அன்று ராத்திரியே நாலு பக்கத்தையும் திருப்பித் தமிழில் எழுதினேன். முதல் மொழிபெயர்ப்பில் காணாமல் போன இன்னொன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. கல்யாண உறவு உண்மையானதுதான் என்று ஏற்றுக்கொள்கிறோம், ஆங்கிலத் தேர்வுச் சான்றும் சரி என்று இரண்டு பத்தி. மறுப்புக் கடிதத்தில் ஏற்றுக்கொண்டதை எழுதி எதற்கு என்று விட்டிருப்பார்கள் போல. ஆனால் அந்த இரண்டு பத்திதான், சண்டை ஒரே ஒரு விஷயத்தில், அதாவது மூன்று மாச வங்கி விவரத்தில் மட்டும்தான் என்று சொல்கிறது. சித்தப்பாவுக்கு அதைப் படித்துக் காட்டியபோது, “அப்போ கல்யாணத்தைச் சந்தேகப்படலையாமா?” என்று மூணு தடவை கேட்டார். இருபது நாளாக அதுதான் அவர் மனசை அரித்திருக்கிறது.

மொழிபெயர்ப்பது என் வேலை, சட்டம் சொல்வது இல்லை. அதனால் மாப்பிள்ளையை அங்கே பதிவு பெற்ற ஒரு வழக்கறிஞரிடம் போகச் சொன்னேன். அவர் சொன்னது நியாயமாக இருந்தது: காகிதம் விட்டுப்போன விஷயத்துக்குப் புது விண்ணப்பம் போடுவதும் தப்பான வழி இல்லை, சில சமயம் அதுதான் சீக்கிரம் முடியும். ஆனால் அப்போதைய விண்ணப்பக் கட்டணம் 1,846 பவுண்ட் திரும்ப வராது, மறுபடியும் கட்ட வேண்டும். அப்பீலுக்கு நேரடி விசாரணையோடு 140 பவுண்ட், காகிதத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய 80. தொடர்ச்சியான ஆவணங்களில் நடுவில் ஒன்று விடுபட்டிருந்தால் அதிகாரி கேட்டு வாங்கலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறது. கட்டாயம் இல்லை, ஆனால் வாதத்துக்கு உதவும். வாதத்தின் அடிப்படை குடும்ப வாழ்க்கை உரிமை. விசாரணை அங்கேதான் நடக்கும், தங்கச்சி போக முடியாது, மாப்பிள்ளை பேச வேண்டும்.

இந்த இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால் அந்த அலுவலகத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அப்பீலில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை, புது விண்ணப்பத்தில் ஒன்றேமுக்கால் லட்சம் பேக்கேஜ். மருத்துவத்துக்கு என்று கட்டிய 3,105 பவுண்டும் போய்விட்டது என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். விசா மறுத்தால் அது திரும்பக் கிடைக்கும் பணம். அப்பீல் போட்டால் வரக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

அக்டோபர் 4-ம் தேதி ஆன்லைனில் அப்பீல் போட்டோம். பழைய கணக்கின் மூன்று மாச விவரம், சம்பளச் சீட்டில் உள்ள நிகரத் தொகை எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் விழுந்தது என்று ஆறு வரியில் ஒரு பட்டியல், கணக்கு மாற்றியதாக முதலாளியின் கடிதம். விசாரணைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே, 2025 மார்ச்சில், மறுப்பைத் திரும்பப் பெறுவதாக அந்தத் துறையே எழுதிவிட்டது. சித்திரையில் தங்கச்சி கிளம்பினாள். தோப்பு அப்படியே இருக்கிறது.

நாப்பதாயிரம் மட்டும் வரவில்லை. ரசீதில் ‘சேவைக் கட்டணம் திரும்பத் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நாலாம் பக்கம் இல்லாத அந்த மொழிபெயர்ப்பும் ஆங்கிலக் கடிதமும் ரசீதும் என் மேசையில் ஒன்றாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் ஒரு கெடு உண்டு, இரண்டு வருஷம். சித்தப்பா பணம் கட்டியது 2024 செப்டம்பர் 20.