அவல் பாட்டிக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?

மன்னார்குடிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா அவல் விற்கும் நண்பர், அரைக்கிலோ பாக்கெட்டுக்கு ஒரு பாட்டியைச் சின்னமாகக் கேட்டார். வெள்ளைக் கொண்டை, மஞ்சள் கரை போட்ட அரக்குச் சேலை, இடது தோளில் முந்தானை, வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி. நேராக, பக்கவாட்டில், முதுகுப்புறமாக, உலக்கையோடு, கும்பிட்டபடி என ஒரே தாளில் ஐந்து தோற்றங்கள். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் மூன்று வழிகளைப் பார்த்தேன்.

ஒரே வர்ணனையையும் ஒரே `seed` எண்ணையும் திரும்பத் திரும்பக் கொடுப்பது முதல் வழி. இதை நம்ப வேண்டாம். அந்த எண் படம் தொடங்கும் புள்ளிச் சிதறலைத்தான் நிலைநிறுத்துகிறது, முகத்தை அல்ல. 'நிற்கிறார்' என்பதை 'உட்கார்ந்திருக்கிறார்' என்று மாற்றியதும் பாட்டியின் தங்கை வந்து உட்கார்ந்துவிட்டார்.

நல்ல முன்பக்கப் படம் ஒன்றை ஆதாரமாகக் கொடுத்து மற்ற நிலைகளைக் கேட்பது இரண்டாவது வழி. மிட்ஜர்னி ஏழாம் பதிப்பில் `--oref` இதற்குத்தான். ஒரு மாலைக்குள் தாள் கைக்கு வந்துவிடும். ஆனால் பாட்டி இடப்பக்கம் திரும்பினால் மூக்குத்தி மறுபக்கம் தாவுகிறது, முந்தானையும் தோள் மாறுகிறது. இன்னொரு பிழை நம்முடையது: வந்த படத்தையே அடுத்ததற்கு ஆதாரமாக்கினால் தவறு படிப்படியாக ஏறும். நான்காவது படத்தில் சேலைக்கரை இரண்டு கோடாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் மூலப் படத்துக்கே திரும்ப வேண்டும்.

மூன்றாவது, லோரா பயிற்சி. பாட்டியை மட்டும் கற்ற சிறு கோப்பு ஒன்றை மாடலோடு சேர்ப்பது. இரண்டாவது வழியில் வந்தவற்றில் 20 படங்களைப் பொறுக்கி, மூக்குத்தியையும் முந்தானையையும் கையால் திருத்திக் கொடுத்தேன். படக்குறிப்பு எழுதுவதில்தான் சூட்சுமம். மாறக்கூடாத முகம், சேலை, மூக்குத்தி பற்றி எழுதக்கூடாது; அவை `avalpaatti` என்ற அழைப்புச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். மாற வேண்டிய நிலை, பின்னணி, கோணம் ஆகியவற்றை எழுத வேண்டும். பயிற்சி அமைப்புகளில் `flip_aug` அணைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; படங்களை இடவலமாகப் புரட்டிக் கற்பித்தால் மூக்குத்திக்கு எந்தப் பக்கமும் சரிதான். எந்த நிலை கேட்டாலும் பாட்டி அதே கும்பிடோடு, அதே திண்ணையில் வந்தால் பயிற்சி மிஞ்சிவிட்டது. பயிற்சியின் நடுவே சேமித்த முந்தைய கோப்புக்குப் போகலாம்.

பொங்கல் வாழ்த்து போட ஓரிரு படங்கள் போதுமென்றால் இரண்டாவது வழியே லாபம். வாரம் ஒரு புதுப்படம் வேண்டுமென்றால் லோராவுக்குச் செலவிடும் ஒரு நாள் வீணாகாது.

பாக்கெட்டுக்கு இரண்டுமே நேரடியாக உதவாது. 1024 புள்ளிப் படம் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சளவில் ஒன்பது சென்டிமீட்டரைக்கூட எட்டாது. பாட்டியின் உயரமோ பன்னிரண்டு. பெரிதாக்கும் கருவி இல்லாத சுருக்கங்களையெல்லாம் முகத்தில் சேர்த்தது. கடைசியில் ஓவியர் ஒருவர் தாளைப் பார்த்து, ஐந்து தட்டை நிறங்களில், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத வெக்டராக வரைந்து கொடுத்தார்.