இரண்டாவது மாடிக்கு எது ஏறும்: பழைய இரும்பு பீரோவா, மூணு கதவு வார்ட்ரோபா?

"நல்ல கண்டிஷன், வீடு மாறுவதால் விற்பனை." திருப்பூரிலும் கோவையிலும் பழைய அலமாரிக்கு வரும் விளம்பரங்கள் பெரும்பாலும் இவ்வளவுதான். வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது வேறு: அது படியில் திரும்புமா, அறைக்குள் நிமிருமா, அடிப்பக்கம் எப்படி இருக்கிறது?

ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது மாடி. படியின் அகலம் 42 இன்ச், நடுவில் திரும்பும் மேடையின் ஆழமும் அதேதான். படுக்கையறையில் தரையிலிருந்து பரண் வரை 84 இன்ச். போட்டியில் இரண்டு: வழக்கமான இரும்பு பீரோ, உயரம் 78, அகலம் 36, ஆழம் 19. இன்னொன்று பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோப், உயரம் அதே 78, அகலம் 47, ஆழம் 21.

முதல் சிக்கல் படியின் திருப்பம். நீளவாக்கில் தூக்கிவரும் எதுவும் அங்கே திரும்பாது. மேடையில் நிமிர்த்தி, நின்றபடியே சுழற்றித்தான் அடுத்த படிக்கு ஏற்ற வேண்டும். நிற்கும் பொருள் சுழல வேண்டுமென்றால் அதன் அடிப்பாகத்தின் மூலைக்கு மூலை அளவு மேடைக்குள் அடங்க வேண்டும். பீரோவுக்கு அது 41 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. ஒரு இன்ச்தான் மிச்சம், ஆனாலும் திரும்பிவிடும். வார்ட்ரோபுக்கு 51 இன்ச்சைத் தாண்டுகிறது. கழற்றாமல் அது மேலே போகாது.

பரண் இரண்டாவது சிக்கல். படுத்திருக்கும் பீரோவை நிமிர்த்தும்போது அதன் மூலை, பீரோவின் உயரத்தைவிட மேலே போய்த்தான் இறங்கும். முதுகுப்பக்கம் தரையில் படப் படுக்கவைத்து நிமிர்த்தினால் 80 இன்ச்சுக்குச் சற்று மேல் போகும்; பரணில் முட்டாது. பக்கவாட்டில் சாய்த்து நிமிர்த்தினால் 86 போகும். பரண் விளிம்பு பெயரும், பீரோவின் மூலையும் நசுங்கும். ஒரே பீரோ, ஒரே அறை. படுக்கவைக்கும் விதம் மட்டுமே வேறு.

எடையிலும் வித்தியாசம் உண்டு. பீரோ 65 கிலோ அளவில் இருக்கும். தட்டுகளைக் கழற்றி, கதவைப் பூட்டி, சாவியைத் தனியே எடுத்துவைத்துவிட்டால் பழகிய இரண்டு பேர் ஏற்றிவிடுவார்கள். குட்டியானையில் படுக்கவைத்தாலும் வண்டிக்குள் அடங்கும். கதவில் கண்ணாடி இருந்தால் அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். வார்ட்ரோப் 100 கிலோவைத் தாண்டும், ஆனால் பலகை பலகையாகப் பிரித்தால் ஒருவரே சுமக்கலாம்.

பிரிப்பதில்தான் வார்ட்ரோபின் பலவீனம் வெளியே வரும். அது அழுத்தி ஒட்டிய மரத்தூள். திருகாணி ஒருமுறை கடித்த துளையில் தூள் உதிர்ந்திருக்கும். அதே துளையில் மறுபடி முடுக்கினால் பிடிமானம் குறையும். ஏற்கெனவே ஒரு வீடு மாறிய அலமாரி என்றால் இது மூன்றாவது முடுக்கல். கதவுக் கீல்தான் முதலில் தளரும்: கதவு தொங்கி, அடுத்த கதவோடு உள்ள இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகத் தெரியும். "இதுக்கு முன்னாடி எத்தனை தடவை பிரிச்சிருக்கீங்க அண்ணா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

அடுத்து அடிப்பக்கம். வீடு துடைக்கும் ஈரம் பக்கப்பலகையின் கீழ்முனையில் ஏறும். இடுப்பு உயரத்தில் 18 மில்லிமீட்டர் இருக்கும் பலகை தரையோரத்தில் 20, 21 என்று உப்பியிருந்தால் வாங்க வேண்டாம். உப்பியது திரும்பச் சுருங்காது, எடையும் தாங்காது.

பீரோவுக்கும் நோய் அதே இடத்தில்தான், துருவாக. புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கீழ்த்தகட்டில் சின்னக் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடிப்பு தளர்ந்தால் உள்ளே பட்டி பூசி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள். கதவு சரியாகப் பொருந்தாததை மட்டும் உடனே குறையாக எண்ண வேண்டாம். தரை மட்டமில்லாவிட்டால் உடம்பு முறுக்கிக் கதவு ஏறியிறங்கி நிற்கும். ஒரு காலடியில் அட்டை வைத்த பிறகும் பூட்டுக் கம்பி மேலும் கீழும் சிக்கினால்தான் அது குறை.

இந்த வீட்டுக்கு என் தேர்வு பீரோ. தரைத்தள வீடு, இதுவரை பிரிக்காத வார்ட்ரோப், முழுசாகவே உள்ளே போகும் வாசல் என்றால் கூடுதல் இடத்துக்காக வார்ட்ரோபை எடுக்கலாம்.

விற்பவர் இப்படி எழுதினால் பாதிப் பேரின் வீண் அலைச்சல் மிச்சம்: "இரும்பு பீரோ, 78 × 36 × 19 இன்ச், கைப்பிடி 2 இன்ச் தனியாக நீட்டியிருக்கும். பின்பக்க இடதுகாலில் துரு, ஓட்டை இல்லை, படம் இருக்கிறது. லாக்கர் சாவி ஒன்றுதான். இப்போது முதல் மாடியில் உள்ளது, படி 42 இன்ச், இறக்க இரண்டு பேர் வேண்டும்."