ஜிம்னியின் அடிவயிற்றுக் கீறல்கள்: தாண்டிக்குடி எஸ்டேட் பாதையில் ஓட்டிய அனுபவம்

வண்டி வாங்குபவர்கள் முதலில் கேட்பது கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. எங்கள் ஐந்து கதவு மாருதி ஜிம்னி ஜீப்புக்கு அது 210 மி.மீ. இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மலைப்பாதையில் எது தட்டும், எது தட்டாது என்று சொல்லவே முடியாது. சில மழைக்காலங்கள் தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டத்துக்கு ஏறி இறங்கிய பிறகு, சர்வீஸில் வண்டியை லிஃப்டில் தூக்கும்போதெல்லாம் கீழே போய் நின்று பார்ப்பேன். கீறல் இருப்பது மூன்றே இடங்களில். முன் பம்பரின் கீழ் உதடு, நடுவில் சேஸிஸின் குறுக்குச் சட்டம், இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும், ஆக்சிலில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் கூடு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

அதிகம் அடிவாங்கியிருப்பது நடுச்சட்டம். இதற்குக் காரணம் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே உள்ள தூரம். வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு அது 2250 மி.மீ. இந்தியாவில் கிடைக்கும் ஐந்து கதவு வண்டிக்கு 2590. தரையிலிருந்து உயரம் இரண்டுக்கும் அதே 210தான். ஆனால் மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் இருக்கும் கோணம், பிரேக்ஓவர் ஆங்கிள் என்கிறார்களே அது, அங்கே 28 டிகிரி, இங்கே 24. நடுவில் நீட்டிய 34 செ.மீ. நாலு டிகிரியைத் தின்றுவிட்டது.

இந்த 24 டிகிரியைப் பாதையில் எப்படிப் பார்ப்பது? எஸ்டேட் பாதைகளில் மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் இருக்கக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, எடுத்த மண்ணைப் பக்கத்திலேயே மேடாகப் போட்டிருப்பார்கள். ஏறும் பக்கம் 12 டிகிரி, இறங்கும் பக்கம் 12 டிகிரி என்றால் கூட்டினால் 24. 12 டிகிரி என்பது ஒரு மீட்டர் நீளத்துக்கு 21 செ.மீ. உயர்வு, பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். இரண்டு பக்கமும் அதைவிடச் செங்குத்தாக இருந்து, உச்சி கூர்மையாகவும் இருந்தால் சட்டம் உரசும். உச்சி வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதே உயர மேட்டையும் தாண்டிவிடலாம். அதனால் புதிதாக மண் போட்ட மேட்டில் ஒரு மண்வெட்டியால் உச்சியை மழித்துவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். எஸ்டேட்டில் முன்பு ஓடிய மாருதி ஜிப்ஸி ஜீப்புக்கு வீல்பேஸ் 2375. எங்கள் மேஸ்திரி இன்னமும் ஒவ்வொரு மேட்டிலும், "ஜிப்ஸின்னா இந்த இடத்துல சத்தமே வராது தம்பி" என்பார். அவர் சொல்வது சரிதான்.

ஆனால் நீளமான வீல்பேஸ் வெறும் நஷ்டம் இல்லை. செங்குத்தான ஏற்றத்தில் ஜிப்ஸி முன்னும் பின்னும் ஆடும் ஆட்டம் இதில் இல்லை. மூட்டை ஏற்றினாலும் முகம் தூக்காமல் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவில்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. திரும்பும் ஆரம் 5.7 மீட்டர், எஸ்டேட்டுக்குள் ஓரிரு வளைவுகளில் ரிவர்ஸ் எடுக்காமல் முடியாது.

அடுத்தது முன் பம்பர். சக்கரத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் ஓவர்ஹேங். அது எவ்வளவு நீளம், எவ்வளவு தாழ்வு என்பதைப் பொறுத்துதான் அப்ரோச் ஆங்கிள். இந்த வண்டிக்கு 36 டிகிரி. 36 டிகிரி ஏற்றம் ஏறும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்ஜினுக்கும் டயர் பிடிப்புக்கும் இந்த எண்ணில் வேலையே கிடையாது. தரை எவ்வளவு திடீரென்று நிமிர்ந்தால் மூக்கு இடிக்கும் என்பதை மட்டும்தான் இது சொல்கிறது. அதிலும் எதிரே இருக்கும் கரையின் சாய்வை மட்டும் பார்த்தால் போதாது, நாம் இறங்கி வரும் சாய்வையும் கூட்ட வேண்டும்.

எங்கள் பாதையில் ஓர் ஓடைக் குறுக்கீடு இருக்கிறது. நீளமான பலகையைத் தரையில் வைத்து, அதன்மேல் போனை வைத்து லெவல் ஆப்பில் பார்த்தேன். இறங்கும் பக்கம் 10 டிகிரி, எதிர்க்கரை 30. கரை 30தானே, 36க்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் வண்டி ஏற்கெனவே 10 டிகிரி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டுதான் நிற்கிறது. அதற்கு எதிர்ப்படும் கோணம் 40. நேராகப் போனால் பம்பர் மண்ணில் குத்தும். அந்த இடத்தில் பிரேக் பிடித்தால் ஸ்பிரிங் அமுங்கி மூக்கு இன்னும் தாழும்.

அங்கே நாங்கள் குறுக்காகப் போகிறோம். ஜிம்னியின் பம்பர் இரண்டு மூலைகளிலும் மேல்நோக்கி வெட்டப்பட்டிருக்கும். சாய்த்துப் போனால் ஒரு பக்க முன் சக்கரம் முதலில் கரையைத் தொட்டு ஏறி, பம்பரையும் கூடவே தூக்கிவிடும். எதிர்மூலைச் சக்கரம் காற்றில் சுற்றலாம். நாலு சக்கரமும் மெதுவாக, அதிக விசையோடு இழுக்கும் 4L கியரைப் போட்டு மெதுவாகப் போனால் வண்டியே அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து மற்றதற்கு விசையை அனுப்புகிறது, ஏறிவிடுகிறது. பின்பக்கத்தைப் பற்றிக் கவலையே இல்லை. பின் பம்பர் தட்டாமல் இருக்கும் கோணமான டிபார்ச்சர் ஆங்கிள் 50 டிகிரி, ஸ்டெப்னியும் கீழே தொங்காமல் கதவில் இருக்கிறது.

மூன்றாவது கீறல்தான் உண்மையில் அந்த 210 மி.மீ. சம்பந்தப்பட்டது. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதன் டிஃபரன்ஷியல் கூடுதான் தாழ்வான இடம். பாரம் ஏற்றினால் வயிறு தாழும், கூடு தாழாது, அது சக்கரத்தோடு நிற்கிறது. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் கூடும் சேர்ந்து உயரும். அதனால் பாதை நடுவில் கல் இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுத் தாண்டக் கூடாது, டயரைக் கல்லின்மேல் ஏற்ற வேண்டும். ஜீப்கள் ஓடி ஓடி இரு தடமும் பள்ளமாகி நடுமேடு வளர்ந்த இடங்களிலும் இதேதான். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் வைத்து ஓட்டினால் தப்பிக்கலாம். கூடு ஆக்சிலின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்து மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாங்கியவுடன் ஆக்சஸரி கடையில் ஃபுட்போர்டு போட்டிருந்தோம், அம்மா ஏறுவதற்காக. அது சேஸிஸைவிடத் தாழ்வாகத் தொங்கியது. இருக்கிற 24 டிகிரியையும் குறைத்தது. ஒரு மேட்டில் மாட்டி வளைந்ததும் கழற்றிவிட்டோம். இப்போது டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி.

லிஃப்ட் கிட் போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்பிரிங்கை உயர்த்தினால் வயிறும் பம்பரும் உயரும், முதல் இரண்டு கீறலும் குறையும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் மட்டும்தான் வழி. இப்போதுள்ள 195/80 R15-க்குப் பதில் 215/75 R15 போட்டால் டயரின் விட்டம் சுமார் 10 மி.மீ. கூடும், கூடு உயர்வது அதில் பாதி, 5 மி.மீ. அதற்காக நல்ல நிலையில் இருக்கும் டயரைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. இது தேயட்டும், அப்புறம் யோசிக்கலாம்.