பேனரில் உள்ள விலையை யார் கேட்பார்கள்? மாற்று உரை, படக்குறிப்பு, நேரடி எழுத்து: ஓர் ஒப்பீடு

காஞ்சிபுரம் பட்டு விற்கும் ஒரு சிறு கடையின் இணையப் பக்கத்தைச் சீர்செய்யும் வேலை என்னிடம் வந்தது. முகப்பில் ஒரு தீபாவளி பேனர். கோர்வைப் புடவை உடுத்திய பெண் குத்துவிளக்கு ஏற்றுகிறார். பக்கத்திலேயே 20 சதவீதத் தள்ளுபடி, 15,000 ரூபாய் அடிக்கப்பட்டு 12,000 ரூபாய், ஞாயிறு வரை மட்டும், பார்க்க இங்கே தொடவும் என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தெல்லாம் படத்துக்குள்ளேயே வரையப்பட்டவை. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டால் வந்தது படக்கோப்பின் பெயர் மட்டும்தான். படத்துக்குப் பதிலாகப் படிக்க எழுதிவைக்கும் மாற்று உரை அறவே இல்லாத படம் ஓர் இணைப்புக்குள் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அதே பேனரிலும் அதே கடையின் புடவைப் படங்களிலும் செய்து பார்த்தேன்.

எல்லோரும் முதலில் சொல்வது, படத்தை அப்படியே விட்டுவிட்டு அதிலுள்ள சேதியை மாற்று உரையில் எழுதிவிடுவது.

```html
<a href="/korvai"><img src="banner-02.jpg"
 alt="தீபாவளித் தள்ளுபடி 20 சதவீதம். கோர்வைப் பட்டு முன்பு 15,000 ரூபாய், இப்போது 12,000 ரூபாய். ஞாயிறு வரை."></a>
```

ஐந்து நிமிட வேலை. முன்பிருந்த நிலைக்கு இது எவ்வளவோ மேல். "முன்பு", "இப்போது" என்ற சொற்களை வேண்டுமென்றே சேர்த்தேன். விலையின் மேல் போட்ட கோடு கண்ணுக்குத்தான் தெரியும். காதுக்கு 15,000, 12,000 என்ற இரண்டு எண்கள்தான் வரும், எதைக் கொடுக்க வேண்டும் என்று தெரியாது. இதில் "படம்" என்று தொடங்கத் தேவையில்லை, திரைவாசிப்பான் அதைத் தானே அறிவித்துவிடும்.

ஆனால் இந்த வழி இரண்டு இடங்களில் சறுக்குகிறது. வியாழக்கிழமை தள்ளுபடி 25 ஆக உயர்கிறது என்று வையுங்கள். வடிவமைப்பாளர் படத்தை மாற்றி ஏற்றிவிடுவார். மாற்று உரை பழைய 20-லேயே நிற்கும். பக்கத்தைப் பார்க்கும் எவருக்கும் அந்தப் பிழை தெரியாது. தானியங்கிச் சோதனைக் கருவிகளும் மாற்று உரை இருக்கிறதா என்றுதான் பார்க்கும், அது படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்காது. இரண்டாவது சறுக்கல் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் திரைவாசிப்பான் வைத்திருப்பதில்லை. மங்கலாகவேனும் பார்க்கக்கூடியவர்கள் திரையைப் பெரிதாக்கிப் படிக்கிறார்கள், அல்லது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வருமாறு நிறத்தை மாற்றிக்கொள்கிறார்கள். மாற்று உரை அவர்கள் கண்ணில் படவே படாது. படத்துக்குள் உள்ள எழுத்தோ பெரிதாக்கப் பெரிதாக்கச் சிதறும், நிற மாற்றத்துக்கும் கட்டுப்படாது.

அடுத்த வழி, எழுத்தைப் படத்திலிருந்து வெளியே எடுத்துப் பக்கத்தின் எழுத்தாகவே வைப்பது. இணைய அணுகல்தன்மைக்கான WCAG நெறிகளில் 1.4.5 என்ற விதி கேட்பதும் இதைத்தான்: எழுத்தாக வைக்க முடிந்ததைப் படமாக்காதீர்கள்.

```html
<section lang="ta">
  <h2>தீபாவளித் தள்ளுபடி 20 சதவீதம்</h2>
  <p>கோர்வைப் பட்டு முன்பு 15,000 ரூபாய், இப்போது 12,000 ரூபாய். ஞாயிறு வரை.</p>
  <a href="/korvai">கோர்வைப் புடவைகளைப் பார்க்க</a>
  <img src="vilakku.jpg" alt="கோர்வைப் பட்டு உடுத்திய பெண் குத்துவிளக்கு ஏற்றுகிறார்">
</section>
```

விலை இப்போது ஒரே இடத்தில் இருக்கிறது. மாற்றினால் பார்ப்பவருக்கும் கேட்பவருக்கும் சேர்ந்தே மாறும். தலைப்பு உண்மையான தலைப்பாக இருப்பதால், NVDA போன்ற திரைவாசிப்பான்களில் H விசையை அழுத்தித் தலைப்புகளைத் தாவிச் செல்பவர் நேரே அங்கு வந்து நிற்பார். இந்த நிலையில் படம் வெறும் அலங்காரம்தானே, `alt=""` என்று காலியாக விட்டுவிடலாம் என்று வடிவமைப்பாளர் சொன்னார். பின்னணியில் வெறும் விளக்கும் பூவும் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். காலி மாற்று உரை என்றால் திரைவாசிப்பான் படத்தைச் சத்தமின்றித் தாண்டிவிடும், கோப்பின் பெயரைப் படிக்காது. ஆனால் இந்தப் பெண் உடுத்தியிருப்பது விற்பனைக்கு இருக்கும் அதே புடவை. பண்டிகை நாளில் அதை உடுத்தி நிற்கும் காட்சிதான் அந்த விளம்பரத்தின் பாதிப் பேச்சு. அதனால் ஒரு வரி வைத்தேன்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. வடிவமைப்பாளர் கையால் எழுதிய அலங்கார எழுத்து போய்விடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கைபேசியில் வரி மடங்கிப் பெண்ணின் முகத்தின் மேல் ஏறும். புகைப்படத்தின் மேல் எழுத்தை வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே WCAG கேட்கும் 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு எல்லா இடத்திலும் கிடைக்காது. நாங்கள் எழுத்தைப் படத்தின் மேல் வைக்காமல் தனியே வைத்துவிட்டோம்.

மூன்றாவது வழியான படக்குறிப்பு, பேனருக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. ஆனால் தனித்தனிப் புடவைப் படங்களில் அதற்கு நிகரில்லை. படக்குறிப்பு பக்கத்தில் வெளிப்படையாகத் தெரியும், பெரிதாக்கினாலும் சிதறாது. அங்கே நடக்கும் தவறு, ஒரே வாக்கியத்தை மாற்று உரையிலும் படக்குறிப்பிலும் ஒட்டுவது. கேட்பவர் ஒவ்வொரு புடவைக்கும் அதை இரண்டு முறை கேட்க வேண்டும். முப்பது புடவை உள்ள பக்கத்தில் யார் பொறுத்திருப்பார்கள்? தேடுபொறிக்காக "காஞ்சிபுரம் பட்டு சேலை குறைந்த விலை ஆன்லைன்" என்று மாற்று உரையில் திணிப்பது அதைவிடக் கொடுமை. எனவே வேலையைப் பிரித்தோம். எல்லோருக்கும் எழுதிச் சொல்ல வேண்டியது படக்குறிப்பில், பார்ப்பவர் எழுத்தில்லாமலே அறிவது மாற்று உரையில்.

```html
<figure>
  <img src="p14.jpg" alt="மயில்கழுத்து நிற உடல் அரக்குக் கரையில் கத்தரித்தாற்போல் நிறம் மாறுகிறது; முந்தானையில் ஜரிகை அன்னங்கள் வரிசையாக">
  <figcaption>கோர்வைப் பட்டு, ரவிக்கைத் துணியுடன். 12,000 ரூபாய்.</figcaption>
</figure>
```

முதலில் அந்த மாற்று உரை "நீலப் பட்டுப் புடவை" என்றுதான் இருந்தது. பொய்யில்லை, ஆனால் அதைக் கேட்டு யாரும் 12,000 ரூபாய் கொடுக்க மாட்டார்கள். கோர்வையில் உடலையும் கரையையும் தனித்தனி நிற நூலில் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோக்கிறார்கள். ஒரு நிறம் மற்றதில் கலக்காத அந்தக் கோட்டைப் பார்த்ததும் தெரிந்தவர்கள் கையை நீட்டுவார்கள். பார்ப்பவரை எது நிறுத்துகிறதோ அதைத்தான் எழுத வேண்டும். நிறத்தைச் சொல்லத் தயங்கவும் கூடாது. பார்வையை இடையில் இழந்தவர்களுக்கு நிறம் நினைவில் இருக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் கல்யாணத்துக்கு எந்த நிறம் உடுத்துகிறோம் என்று அறிந்துதான் வாங்குவார்.

மூன்று வழிகளுக்கும் பொதுவான ஒரு பள்ளம், எழுத்து எந்த மொழியில் இருக்கிறது என்று சொல்லும் மொழிக் குறி. பக்கம் `lang="en"` என்று இருந்தால் திரைவாசிப்பான் தமிழையும் ஆங்கிலக் குரலிடம் கொடுக்கும். சில குரல்கள் தமிழ் எழுத்துகளை வாய்திறக்காமலே தாண்டிவிடும். பக்க எழுத்தில் ஒரு சொல்லுக்கு மட்டும் தனி மொழிக் குறி கொடுக்க முடியும். மாற்று உரைக்குள் எந்தக் குறியும் போட முடியாது, முழுதும் ஒரே மொழியாகத்தான் கொள்ளப்படும். அதனால் அதற்குள் ஆங்கில எழுத்தில் பெயர்களைக் கலக்காமல் எழுதினோம்.

முடித்ததும், திரைவாசிப்பானிலேயே எல்லாம் வாங்கும் தோழி ஒருவரைப் பக்கத்தைக் கேட்கச் சொன்னேன். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, என்ன விற்கிறார்கள், என்ன விலை, எதுவரை என்று கேட்டேன். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். பிறகு அவர் கேட்டார்: "கரை எவ்வளவு அகலம்?" படத்தில் அது பார்த்தாலே தெரியும், எங்கள் எழுத்தில் எங்கும் இல்லை. கடைக்காரர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு புடவையாக அளக்கத் தொடங்கினார்.