கற்பனை மாணவருக்குப் பாடம் எடுப்பது: நீண்ட நாள் அனுபவம்

படித்ததை எதிரே ஒருவர் இருப்பதாக நினைத்து வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எனக்கு உண்டு. தானும் தொடங்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். செய்முறை பலருக்கும் தெரிந்ததுதான்: புத்தகத்தை மூடிவிட்டு விளக்க வேண்டும், திக்கும் இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். நான் அதை நாள்காட்டியில் குறித்துவைத்துச் செய்கிறேன். படித்த மூன்றாம் நாள் ஒரு முறை, மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால், அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சுற்று அருமையானது. கடல் ஓதத்தை, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். "நிலவு கடல்நீரை இழுக்கிறது, அதனால் நீர் மேலே எழுகிறது" என்பது வரை யாருக்கும் சரளமாக வந்துவிடும். அடுத்து, "ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை கடல் ஏறுகிறது" என்று சொல்லும்போதே குரல் தயங்கும். நிலவு இருப்பது ஒரு பக்கம்தானே? எதிர்ப்பக்கத்தில் நீர் ஏன் ஏற வேண்டும்? கண்ணால் படிக்கும்போது அந்தப் பக்கத்துப் படம் இந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. வாயால் சொல்லும்போது அடுத்த வாக்கியம் வந்தே ஆக வேண்டும். வராத இடம்தான் புரியாத இடம்.

திரும்பப் படித்தால் விடை கிடைக்கும். நிலவு தன் பக்கத்து நீரை அதிகமாகவும், பூமியின் மையத்தை அதைவிடக் குறைவாகவும், மறுபக்கத்து நீரை இன்னும் குறைவாகவும் இழுக்கிறது. நீரை இரண்டு பக்கமும் மேடாக்குவது இந்த வித்தியாசம்தான். இது பிடிபட்டதும் வரும் சந்தோஷத்துக்காகவே இந்த முறையை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பரிந்துரைப்பேன்.

ஆனால் அந்தக் கற்பனை மாணவர் மீது எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். "பூமி தன்னைத்தானே சுற்றுவதால் மறுபக்கத்து நீர் வெளியே தள்ளப்படுகிறது" என்று சொல்லிப் பாருங்கள், ஏற்றுக்கொள்வார். அந்த விளக்கம் தவறு. சுழற்சியால் நிலநடுக்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வீக்கம் உண்டாகும். நிலவு எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நிஜமான ஒரு பிள்ளை எதிரே இருந்தால், "அப்படியென்றால் சுற்றிலும்தானே தள்ள வேண்டும்?" என்று அடுத்த நொடியே கேட்டிருக்கும். நமக்குத் தெரியாதது கற்பனை மாணவருக்கும் தெரியாது. திக்குவதை இந்த முறை பிடித்துவிடும். தவறைத் திக்காமல் சொன்னால் பிடிக்காது.

இரண்டாம் சுற்றில் எரிச்சல் இன்னும் கூடும். மூன்று வாரத்தில் பாடம் மறந்திருக்கலாம், ஆனால் முதல் முறை நாம் பேசிய பேச்சு நினைவில் நிற்கும். அதே உதாரணம், அதே வரிசை, அதே ஏற்ற இறக்கம். தடையில்லாமல் ஓடும் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் புரிந்துவிட்டது என்று குறித்துக்கொள்வது நியாயமே இல்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே பொருந்துகிறது. குறிப்பு எதுவும் இல்லாமல் பாடம் எடுத்தவர்கள், எழுதிய உரையை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தவர்களைவிட ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் நன்றாகச் செய்தார்கள். பாடமே எடுக்காமல் படித்ததை நினைவுகூர்ந்தவர்களும் அவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். அதாவது வேலை செய்வது நினைவிலிருந்து எடுப்பதுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் அந்தக் கற்பனை ஆளுக்கு அதில் பெரிய பங்கில்லை.

அதனால் இரண்டாம் சுற்றில் பழைய பேச்சுக்கு நான் இடம் கொடுப்பதில்லை. படிக்கும் அன்றே, விளக்கத்தில் சேராத ஒரு கேள்வியைத் தாளில் எழுதி மடித்துவைப்பேன். ஓதத்துக்கு எழுதியது இது: பூமியை நிலவு இழுப்பதைப்போல் ஏறத்தாழ 180 மடங்கு பலமாகச் சூரியன் இழுக்கிறது, பிறகு ஏன் கடல் நிலவின் பேச்சைக் கேட்கிறது? மனப்பாடமாக வந்த பேச்சு இங்கே உடைந்துவிடும். வித்தியாசம்தான் காரணம் என்று நிஜமாகவே புரிந்திருந்தால் வழி தெரியும். சூரியன் நிலவைவிடச் சுமார் 390 மடங்கு தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கில் ஒரு பங்காகிறது, ஓதத்தை உண்டாக்கும் வித்தியாசமோ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால்தான் சூரியனின் ஓத விளைவு நிலவினுடையதில் பாதிகூட இல்லை.

தோழிக்கு நான் சொன்ன பதில்: புரிந்ததா என்று சரிபார்க்க மட்டும்தான் என்றால் இது வேண்டாம். ஒரு வெற்றுத் தாளும் முன்பே எழுதிவைத்த கேள்வியும் போதும்; தொண்டையும் நேரமும் மிச்சம். நான் மட்டும் விடப்போவதில்லை. தாளில் ஓர் அம்புக்குறி போட்டு இடைவெளியைத் தாண்டிவிடலாம், பேச்சில் அது முடியாது. அடுத்ததாகக் குறித்திருப்பது, நிலவு ஏன் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்பது. அதற்கும் காரணம் ஓதம்தான். மடித்துவைக்க வேண்டிய கேள்வியை இன்னும் எழுதவில்லை.