ஆடிக் காற்றில் களைக்கொல்லி: எந்த நாசிலைப் போடுவது?

உடுமலைப் பக்கம் மக்காச்சோளமும் தக்காளியும் வரப்பு ஒட்டி வரப்பாகத்தான் நிற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஆடிக் காற்று வருகிற நாட்களில், சோளத்துக்கு அடிக்கிற 2,4-டி களைக்கொல்லி கிழக்கே இருக்கிற தக்காளியில் போய் விழுகிறது. ஐந்து வருடங்களுக்கு முன்னால் நாங்களே பக்கத்துத் தோட்டத்துக்கு அந்த நஷ்டத்தைக் கொடுத்தோம். இருபத்தைந்து நாள் சோளம், அகன்ற இலைக் களை அதிகம், வேலையாள் கிடைத்த அன்றே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். பேட்டரி ஸ்பிரேயரில் கடையில் வாங்கும்போது மாட்டியிருந்த கூம்பு நாசில் அப்படியே இருந்தது. அதிலேயே அடித்தோம்.

பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து கூப்பிட்டார். "தம்பி, வைரஸ் வந்துருச்சுன்னு நினைச்சேன். ஆனா உங்க வரப்போரமா மட்டும் இருக்குது, வந்து பாருங்க" என்றார். அவர் சொன்ன அந்த ஒரு விஷயம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் வைரஸ் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். காற்றில் வந்த களைக்கொல்லியோ வரப்போர வரிசையில் கடுமையாகவும், உள்ளே போகப் போகக் குறைந்தும் தெரியும். அடித்த நாளில் விரிந்திருந்த பழைய இலைகள் பெரும்பாலும் நன்றாகவே இருந்தன. அதற்குப் பிறகு வந்த கொழுந்துகள் மட்டும் நாடா போலக் குறுகி, நரம்பு தடித்து, காம்பு முறுக்கிக்கொண்டு நின்றன. முதல் ஏழெட்டு வரிசை போய்விட்டது. அந்த நஷ்டத்தை நாங்கள் கொடுத்துத் தீர்த்தோம். அதற்குப் பிறகுதான் நாசில்களை ஒவ்வொன்றாக வாங்கி ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒப்பீட்டுக்கு முன்னால் துளியின் கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். துளியின் அளவை மைக்ரானில் சொல்வார்கள். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். துளியின் விட்டம் பாதியானால் அதன் எடை பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடுகிறது. 400 மைக்ரான் துளி ஒன்றில் இருக்கிற மருந்துத் தண்ணீரை வைத்து 100 மைக்ரான் துளிகள் அறுபத்து நான்கு செய்யலாம். எடை இவ்வளவு வேகமாகக் குறைவதால் காற்றின் தடையைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கும் பலம் சிறு துளிக்கு இல்லை. 400 மைக்ரான் துளி நொடிக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் விழும். 100 மைக்ரான் துளி நொடிக்குக் கால் மீட்டர்தான் இறங்கும்.

இதை வயலில் வைத்துப் பாருங்கள். நாசில் களைக்கு மேலே அரை மீட்டரில் இருக்கிறது, காற்று மணிக்கு 11 கிலோமீட்டர், அதாவது இலைகள் சலசலக்கிற அளவு. 400 மைக்ரான் துளி ஒரு மீட்டர் நகர்வதற்குள் விழுந்துவிடும். 200 மைக்ரான் ஏறக்குறைய இரண்டு மீட்டர் போகும். 100 மைக்ரான் ஐந்து மீட்டரைத் தாண்டும். 50 மைக்ரான் இருபது மீட்டர் வரை போகும். காற்று சுழலாமல் ஒரே சீராக வீசினால்தான் இந்தக் கணக்கு. வெயிலில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. சிறு துளி போகிற வழியிலேயே காய்ந்து இன்னும் சிறிதாகிறது, சிறிதாக ஆக இன்னும் தூரம் போகிறது. தண்ணீர்தான் ஆவியாகும், மருந்து அந்தத் துகளிலேயே தங்கிவிடும்.

இனி நாசில்கள்.

எங்கள் தவறு கூம்பு நாசிலில்தான். உள்ளே இருக்கும் சுழல் தட்டு கரைசலைச் சுற்றிவிட்டு வெற்றுக் கூம்பாக வெளியே வீசும். துளிகள் நுண்ணியவை, பெரும்பகுதி 200 மைக்ரானுக்குக் கீழே. பூச்சி மருந்துக்கும் பூஞ்சாண மருந்துக்கும் இதுதான் பொருத்தம், ஏனென்றால் துளிகள் இலைக்குள்ளே புகுந்து அடிப்பக்கத்திலும் படிய வேண்டும். களைக்கொல்லிக்கு இதைப் போடவே கூடாது என்பது என் தீர்மானம். பேட்டரி ஸ்பிரேயரில் இது இன்னும் மோசமாகிறது. கூம்பு நாசிலின் துளை சிறியது, பம்பு கொடுக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். அழுத்தம் கூடினால் துளி நுணுங்கும். காலை வெயிலை எதிரே வைத்துப் பார்த்தால் நாசிலுக்குப் பின்னால் புகை மாதிரி ஒன்று மிதப்பது தெரியும். எங்களிடமிருந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது அதுதான்.

அடுத்தது சாதாரண விசிறி நாசில். தட்டையான விசிறி போல விழும். உடம்பில் 11004 என்று போட்டிருந்தால் 110 டிகிரி கோணம், 04 அளவு என்று பொருள்; 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.6 லிட்டர் விடும். 04 நாசிலின் சிவப்பு நிறம் இந்த அளவைத்தான் சொல்கிறது, துளியின் பருமனை இல்லை. இந்த இடத்தில் பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். துளியின் பருமனுக்கும் தனியாக ஒரு நிற வரிசை உண்டு. அதில் சிவப்பு என்றால் மிக நுண்ணிய துளி, நீலம் என்றால் பருமனான துளி. கம்பெனி அட்டவணையில் இரண்டு நிறங்களும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும், எது எதற்கு என்று பார்த்துப் படிக்க வேண்டும். சாதாரண விசிறி நாசில் நடுத்தரத் துளி தரும். காற்று லேசாக இருக்கும் நாளில், அழுத்தத்தைக் குறைத்து வைத்தால் வேலை சுத்தமாக இருக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் நுண்துளிகள் கணிசமாகக் கலந்துவிடும். இலை முழுக்க நனைந்தால்தான் வேலை செய்யும் தொடு களைக்கொல்லிகளுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

நம் ஊர்க் கடைகளில் களைக்கொல்லி நாசில் என்று கேட்டால் பெரும்பாலும் ஃப்ளட் ஜெட்டைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தண்ணீர் ஒரு சரிவில் மோதி அகலமாகத் தெறிக்கும் அமைப்பு. இதன் பலம், ஒரு பார் போன்ற குறைந்த அழுத்தத்திலேயே பருமனான துளி கிடைப்பது. துளை பெரிதாக இருப்பதால் கலங்கல் தண்ணீரிலும் அடைப்பது குறைவு, விலையும் குறைவு, நாசில் மாட்டுகிற எந்த லான்ஸ் குழாயிலும் பொருந்தும். கையால் பம்பு அடிக்கிற டேங்க்குக்கு இதைவிட நல்லது இல்லை. குறை என்னவென்றால் பரவல் சீராக இருக்காது. காய்ந்த சிமென்ட் களத்தில் வெறும் தண்ணீரை அடித்தபடி நடந்துவிட்டு அது உலர்வதைப் பாருங்கள். ஓரங்களில் ஈரம் நிற்கும், நடுவில் முதலில் காயும், நாசிலுக்கு நாசில் இந்தக் கோலம் மாறும். வயலில் இது களை செத்த பட்டையும் சாகாத பட்டையுமாகத் தெரியும்.

நான் இப்போது பயன்படுத்துவது காற்றை உள்ளிழுக்கும் விசிறி நாசில். பக்கவாட்டில் ஊசித் துளை போல ஒன்றோ இரண்டோ இருக்கும். உள்ளே தண்ணீர் ஒரு குறுகலான வழியில் வேகமாகப் பாயும்போது அந்தத் துளை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். வெளியே வருவது காற்றுக் குமிழி அடைத்த பெரிய துளி, சாதாரணமாக 400 மைக்ரானை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நாசிலின் அளவு எண் அதே 04 என்றால் தண்ணீரும் அதே அளவுதான் வரும். துளி மட்டும் பருமனாகிறது. பரவலும் ஃப்ளட் ஜெட்டைவிடச் சீர். ஆனால் இதற்குக் குறைந்தது 2 பார் அழுத்தமாவது வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டாலும், கைப்பம்பில் வேலையாள் களைத்துவிட்டாலும் விசிறி சுருங்கி நடுவில் ஒழுகும். அந்தப் பக்கத் துளையிலிருந்தே தண்ணீர் சொட்டினால் ஒன்று அழுத்தம் போதவில்லை, இல்லையென்றால் உள்ளே அடைத்திருக்கிறது. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பழைய பல்துலக்கும் பிரஷ் போதும். எல்லா லான்ஸிலும் இது பொருந்தாது என்பதால் வாங்கப் போகும்போது பழைய மூடியைக் கையில் எடுத்துப் போவது நல்லது.

பெரிய துளி என்றால் களை சரியாக நனையாதே என்று கேட்பார்கள். சரியான கேள்விதான். மெழுகு படிந்த குறுகிய புல் இலையில் பெரிய துளி உருண்டு விழுவதுண்டு. 2,4-டி கொல்வது அகன்ற இலைக் களையை, அதுவும் இலையில் பட்ட இடத்திலிருந்து செடிக்குள் பரவிக் கொல்வது. அதற்கு இலை முழுக்க நனைய வேண்டியதில்லை. பூச்சி மருந்துக்கு இதே நாசிலைப் போட்டால் பயன் குறையும். அந்த மருந்தைக் காற்று அடிக்கிற நாளில் அடிக்காமல் தள்ளிப் போடுவதுதான் வழி.

சரி, ஒரு ஏக்கருக்கு எங்கள் கணக்கு. காற்றிழுக்கும் 04 நாசிலை மாட்டி ஒரு நிமிடம் அளவு ஜாடியில் பிடித்தோம், 1.3 லிட்டர் வந்தது. அட்டவணைப்படி இது 2 பார் அழுத்தத்துக்கு உரிய அளவு, ஆகவே அழுத்தத்தையும் அதுவே சொல்லிவிட்டது. சோளத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு 45 மீட்டர் நடக்கிறோம், பரவல் ஒரு மீட்டர், அப்படியானால் நிமிடத்துக்கு 45 சதுர மீட்டர். ஏக்கர் 4,000 சதுர மீட்டர் சொச்சம், சுமார் 90 நிமிடம். 117 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்க் ஏழும் கொஞ்சமும். ஏக்கருக்கான மருந்தை இந்தத் தண்ணீருக்குப் பகிர்ந்துதான் கலக்க வேண்டும், டேங்க்குக்கு இத்தனை மூடி என்று கண்ணை மூடி ஊற்றக் கூடாது. ஒவ்வொரு பருவமும் இதே ஜாடிச் சோதனையைச் செய்கிறோம். அதே அழுத்தத்தில் புது நாசிலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகத் தண்ணீர் வந்தால் நாசில் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடுவோம்.

நாசில் எதுவானாலும் தீராத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, காற்றே இல்லாத விடியற்காலை. தரையோரம் குளிர்ந்த காற்று அசையாமல் படுத்திருக்கும். நுண்துளி அதில் தொங்கிக்கொண்டே இருந்து, சின்ன அசைவில் மொத்தமாக ஒரு பக்கம் நகரும். குப்பை கொளுத்திப் பார்த்தால் புகை மேலே போகாமல் படுக்கையாகப் பரவும், அதுதான் அடையாளம். வெயில் ஏறி, புகை கலைந்து மேலே போகிற வரை காத்திருக்கிறோம். இன்னொன்று, மருந்தின் வகை. 2,4-டி எத்தில் எஸ்டர் வயலில் விழுந்த பிறகும் ஆவியாகி நகரக்கூடியது, பெரிய துளி அதைத் தடுக்காது. தக்காளி பக்கத்தில் இருந்தால் 2,4-டியிலேயே அமைன் உப்பு வகையை வாங்குங்கள்.

இப்போது நாங்கள் மேற்கு வரப்பில் தொடங்குகிறோம். நாசிலைக் களைக்கு மேல் அரை மீட்டரைத் தாண்டித் தூக்குவதில்லை. மரத்தில் சிறு கிளைகள் விடாமல் ஆட ஆரம்பித்தால் டேங்க்கை இறக்கிவிடுகிறோம். தக்காளிப் பக்கம் கடைசி ஆறு மீட்டருக்கு மருந்தே இல்லை, அந்த வரிசைகளைக் கைக்களை எடுக்கிறோம்.