எட்டு வயதில் அண்ணத்தை விரிப்பதா, பொறுப்பதா: இரண்டு பிள்ளைகளின் வாயை வைத்து ஓர் ஒப்பீடு

குடியாத்தத்திலிருந்து 8 வயதுப் பெண் பிள்ளை, காட்பாடியிலிருந்து அதே வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேருக்கும் முன்பல் சீராக இல்லை. இரண்டு வீட்டிலும் ஒரே கேள்வி: "இப்பவே எக்ஸ்பேண்டர் போட்டுடலாமா டாக்டர், இல்ல எல்லாப் பல்லும் விழுந்து முளைச்ச பிறகு பாத்துக்கலாமா?" பெண்ணுக்கு இப்போதே போட வேண்டும். பையனுக்குப் போடக் கூடாது. கண்ணாடியில் பார்த்தால் பையனின் பல்தான் மோசமாகத் தெரியும். அதனால்தான் இந்த இடத்தில் பலரும் தவறாக முடிவெடுக்கிறார்கள்.

எக்ஸ்பேண்டர் செய்யும் வேலை ஒன்றுதான். மேல்தாடை இடது பாதி, வலது பாதி என இரண்டு எலும்பாக இருக்கிறது. அண்ணத்தின் நடுவில் அவை சேரும் கோடு, சிறு வயதில் தையல் போட்ட துணி போலப் பிரியக்கூடியது. அந்தக் கோட்டில் விரித்து அகலம் தருவதற்கான கருவி இது. கீழ்த்தாடையில் அப்படிப் பிரியும் கோடு கிடையாது. அது பிறந்து ஓராண்டுக்குள்ளேயே ஒட்டிவிடுகிறது. ஆகவே கேட்க வேண்டியது பல் நெரிசலாக இருக்கிறதா என்பதல்ல, கீழ்த்தாடையோடு ஒப்பிட்டால் மேல்தாடை குறுகலாக இருக்கிறதா என்பது.

பெண்ணின் வாய்: பொறுக்கக் கூடாத நிலை

பிள்ளை வாயை நன்றாகத் திறந்தால் மேல் முன்பற்களின் நடுக்கோடும் கீழ் முன்பற்களின் நடுக்கோடும் நேராக இருக்கின்றன. மெல்லக் கடிக்கச் சொன்னால், பல்லோடு பல் தொட்ட பிறகு கீழ்த்தாடை வலப்பக்கம் 2.5 மி.மீ. வழுக்கிப் போய் உட்காருகிறது. அந்தப் பக்கத்தில் மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிக்கின்றன. இதற்குக் குறுக்குக் கடி என்று பெயர். ஒரு பக்கம் மட்டும் தவறு போலத் தோன்றினாலும் மேல்தாடை இரண்டு பக்கமும் சமமாகக் குறுகியிருக்கிறது. எந்தப் பக்கமும் சரியாகப் பொருந்தாததால் தாடை ஒரு பக்கமாக ஒதுங்கி வசதி தேடிக்கொள்கிறது. வளரும் வயதில் தாடை வருடக்கணக்கில் ஒதுங்கியே கடித்தால் வளர்ச்சியும் ஒரு பக்கமாகச் சாயக்கூடும். இதைப் பெற்றோரே வீட்டில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடலாம்: திறக்கும்போது நேர், கடிக்கும்போது சாய்வு. திறந்த நிலையிலும் கோடு சாய்ந்தே இருந்தால் அது வேறு வகைச் சிக்கல், தாடையின் வளர்ச்சியையே ஆராய வேண்டும்.

பால் பற்கள் மட்டும் இருக்கும் வயதில் குறுக்குக் கடி சிலருக்குத் தானாகச் சரியாவதுண்டு. முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும் உள்ளே கடித்தபடி முளைத்துவிட்டால் அந்த நம்பிக்கை பெரிதாக இல்லை.

இந்தப் பிள்ளைக்கு மேல்தாடையில் 5 மி.மீ. அகலம் குறைகிறது. விரித்ததில் கொஞ்சம் திரும்பிச் சுருங்கும் என்பதால் 2 மி.மீ. கூட்டி 7 மி.மீ. விரிக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான இரண்டு கருவிகள் உண்டு.

முதலாவது, அண்ணத்தின் நடுவில் திருகு வைத்த ஹைராக்ஸ். கடைவாய்ப்பற்களில் உலோக வளையம் மாட்டி சிமெண்ட் போட்டு ஒட்டுவார்கள். சாவியை ஒருமுறை, அதாவது கால் சுற்று, திருப்பினால் பெரும்பாலான திருகுகள் 0.25 மி.மீ. விரியும். 7 மி.மீ.க்கு 28 திருப்பு. நாளைக்கு ஒன்று என்றால் நான்கு வாரம், காலையும் இரவும் ஒவ்வொன்று என்றால் இரண்டு வாரம். எட்டு வயதில் எலும்பு எளிதில் பிரிவதால் அவசரம் தேவையில்லை, நாளைக்கு ஒன்றே போதும்.

திருப்பும் முறையில் கவனம் வேண்டும். பிள்ளையைப் படுக்க வைத்து, டார்ச் அடித்து, திருகின் முன்பக்கத் துளையில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை முன்னால் முழுதாகத் தெரிந்தால்தான் ஒரு திருப்பு முடிந்தது. பிறகு சாவியைப் பின்பக்கமாகச் சாய்த்தபடியே வெளியே எடுக்க வேண்டும். முன்பக்கமாக இழுத்தால் திருப்பியது பின்னோக்கிச் சுழன்றுவிடும். மறுநாள் துளை பாதி மறைந்திருந்து சாவி நுழையாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது பலம் கொடுக்காமல் கிளினிக்குக்குப் போவதே நல்லது. சாவியில் பலமான நூலைக் கட்டி விரலில் சுற்றிக்கொள்ளுங்கள், தொண்டைக்குள் போகாது. ஒவ்வொரு திருப்பையும் தினசரிக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். 14 குறி இருக்கும்போது திருகு சுமார் 3.5 மி.மீ. திறந்திருக்க வேண்டும். டாக்டர் அளந்து 2 மி.மீ.தான் இருக்கிறது என்றால் திருப்பு நழுவுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு வாரத்தில் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். பயப்பட வேண்டாம், எலும்பு பிரிந்ததற்கு அதுவே அடையாளம். சில மாதங்களில் ஈறு நார்கள் இழுத்து மூடிவிடும். 12 திருப்புக்குப் பிறகும் இடைவெளி விழாமல் கடைவாய்ப்பற்கள் வெளிப்பக்கம் சாய்வது போலத் தெரிந்தால் நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பு பிரியவில்லை, பல் மட்டும் சாய்கிறது என்று பொருள்.

விரித்து முடித்ததும் திருகைப் பூட்டி 6 மாதம் வாயிலேயே வைத்திருக்க வேண்டும். பிரிந்த இடத்தில் புது எலும்பு கெட்டியாக வேண்டுமே. "நேராயிடுச்சே, எடுத்துடலாமே" என்று இரண்டாம் மாதமே கேட்பவர்கள் உண்டு. அந்த அவசரத்தில்தான் விரித்தது சுருங்குகிறது. பிள்ளைக்கு விரல் சப்பும் பழக்கம் இருந்து அது நிற்கவில்லை என்றாலும் இதே கதிதான்.

இரண்டாவது, குவாட் ஹீலிக்ஸ். நான்கு சுருள் வைத்த எஃகுக் கம்பி. சாவி கிடையாது. டாக்டர் கம்பியைப் பல்வரிசையின் அகலத்தைவிட 3, 4 மி.மீ. அகலமாக விரித்து, பிறகு அழுத்திச் சுருக்கி ஒட்டுகிறார். கம்பி தன் விரிந்த அகலத்துக்குத் திரும்ப முயலும்போது தாடையை மெல்லத் தள்ளுகிறது, மாதத்துக்குச் சுமார் 2 மி.மீ. நம் கணக்குக்கு மூன்றரை மாதம், பிறகு குறைந்தது 3 மாதம் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

இந்த வயதுக்கு எங்கள் தேர்வு குவாட் ஹீலிக்ஸ். இரண்டும் கடைசியில் குறுக்குக் கடியைச் சரிசெய்யும், ஆனால் தவறு நடந்தால் விளையும் தீமை வேறு. பேரணாம்பட்டுப் பக்கக் கிராமத்திலிருந்து வேலூருக்கு அரை நாள் செலவழித்து வரும் குடும்பம் ஒருமுறை வரத் தவறினால், கம்பி தன் அகலம் வரை போய் நின்றுவிடும். ஹைராக்ஸில் பாட்டி ஒருமுறை, அம்மா ஒருமுறை என்று தெரியாமல் இரட்டிப்பாகத் திருப்பிவிட வாய்ப்புண்டு. பதின்ம வயதை நெருங்கும்போது கணக்கு மாறுகிறது. அப்போது நடுக்கோடு கெட்டியாகிவருவதால் ஹைராக்ஸின் பலம் தேவை. நாலைந்து வயதில் வேகமாகத் திருகி விரிப்பதைத் தவிர்ப்பதும் நல்லது, மூக்கின் வடிவமே மாறக்கூடும்.

கழற்றி மாட்டும் பிளேட் மலிவு என்று சிலர் கேட்பார்கள். மாட்டினால்தான் வேலை செய்யும், பள்ளிப் பையில் தூங்கினால் செய்யாது. மறுபடி செய்யும் செலவையும் சேர்த்தால் மலிவில்லை.

எந்தக் கருவியானாலும் ஒரு பக்க வளையம் கழன்றால் கடிக்கும்போது சத்தம், துர்நாற்றம், நாக்கால் தள்ளினால் ஆட்டம் தெரியும். அப்படியே விட்டால் வளையத்துக்கடியில் சொத்தை விழும். ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தின்றால் வாயைக் கொப்பளித்துப் பிரஷ் செய்ய வேண்டும், கடலை மிட்டாயும் கரும்பும் அந்த மாதங்களில் கூடவே கூடாது.

பையனின் வாய்: பொறுப்பதே சிகிச்சை

கடைவாய்ப்பற்கள் சரியாகக் கடிக்கின்றன, தாடை ஒதுங்கவில்லை. கீழ் முன்பற்கள் நெருங்கி 3 மி.மீ. இடம் போதவில்லை. மேல் முன்பற்கள் நடுவே 2 மி.மீ. சந்து. விரித்தால் இடம் கிடைக்கும் என்று இவனுக்குத்தான் அதிகம் எக்ஸ்பேண்டர் சொல்லப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்தாடையை 4 மி.மீ. விரித்தால் பல்வரிசையில் கிடைக்கும் இடம் சுமார் 2.8 மி.மீ., அதுவும் மேலே. நெரிசல் இருப்பதோ கீழே. சரியாகக் கடிக்கும் தாடையை விரித்தால் மேல்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி வெளியே போய்விடும். கீழே இடம் ஏற்கெனவே இருக்கிறது: கடைசிப் பால் கடைவாய்ப்பல், அதன் இடத்தில் முளைக்கும் பல்லைவிட அகலமானது. அது விழும்போது ஒரு பக்கத்துக்கு சுமார் 2 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 4 மி.மீ. மிச்சமாகும். இவனுக்குத் தேவை 3.

ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும். விட்டுவைத்தால் பின்னாலிருக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து அதைத் தின்றுவிடும். ஆகவே பொறுப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். கடைசிப் பால் பற்கள் ஆடத் தொடங்கும் சமயத்தில், பெரும்பாலும் 10, 11 வயதில், கீழ்ப்பல் வரிசைக்கு உள்பக்கமாக ஒரு கம்பி வளைவை ஒட்டி இடத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அதுவரை அந்தப் பால் கடைவாய்ப்பல் சொத்தையாகிப் பிடுங்கப்படாமல் இருக்க வேண்டும். "பால் பல்தானே, விழப்போவுதே" என்று பிடுங்கிவிட்டு, 12 வயதில் நெரிசலோடு வருவதுதான் நாம் தடுக்கக்கூடிய நஷ்டம். இவன் வீட்டில் எக்ஸ்பேண்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அந்தப் பல்லின் ஃபில்லிங்குக்குச் செலவழிக்கலாம்.

மேலே உள்ள சந்தும் இந்த வயதுக்கு இயல்பு. கோரைப்பற்கள் இறங்கும் 11, 12 வயதில் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். தயவுசெய்து இரண்டு பல்லைச் சுற்றி ரப்பர் பேண்டு போடாதீர்கள். அது ஈறுக்கடியில் வேர் நோக்கி ஏறி எலும்பைத் தின்று, நல்ல பல்லையே விழ வைக்கும்.

"இப்போ விட்டா பிறகு ஆபரேஷன்" என்ற பயமும் இவனுக்குப் பொருந்தாது. அது, வளர்ச்சி முடிந்த பிறகு குறுகலான தாடையை விரிப்பவர்களுக்குரிய பேச்சு. 8-க்கும் 11-க்கும் நடுவே அந்தக் கதவு மூடுவதில்லை. பெண்ணுக்கும்கூட 8-லேயே செய்யச் சொல்வது எலும்பு இறுகிவிடும் என்பதற்காக அல்ல, தாடை ஒதுங்குகிறது என்பதற்காக.

பையன் இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறான் என்றால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அடினாய்டையும் டான்சிலையும் பார்க்கட்டும். குறுகல் இல்லாத தாடையை மூச்சுக்காக விரிப்பதை நாங்கள் சொல்லமாட்டோம்.

பொறுத்திருக்கும் பையனை அடுத்த பரிசோதனைக்கு முன்பே அழைத்துவர வேண்டிய நிலைகள் மூன்று. கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களுக்கு வெளியே கடிக்கத் தொடங்கினால் தாமதம் கூடாது, மேல்தாடையை முன்னால் இழுக்கும் முகக் கருவிக்கு 10 வயதுக்கு முன்பே நல்ல காலம். மேல் முன்பற்கள் நன்றாக எத்திக்கொண்டு, ஓடி விழும்போது அடிபடும் நிலையில் இருந்தால் அதையும் பார்க்க வேண்டும். 10 வயதில் உதட்டைத் தூக்கி, பால் கோரைப்பல்லின் வேருக்கு மேலே ஈறை விரலால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரு புடைப்புத் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டால் மறுபக்கக் கோரைப்பல் அண்ணத்துக்குள் திசைமாறியிருக்கலாம், அந்த வாரமே எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.